மான்சூன் என்பது மழையின் பெயரே இல்லை

அக்டோபர் மூன்றாவது வாரம் வந்தால் தொலைக்காட்சியில் "மான்சூன் தொடங்கிவிட்டது" என்பார்கள். டிசம்பர் முடியும்போது மழைக்கணக்கு குறைந்திருந்தால் "மான்சூன் பொய்த்துவிட்டது" என்பார்கள். இந்த இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். மழை பொய்க்கலாம், மான்சூன் எப்படிப் பொய்க்கும்? அந்தச் சொல்லை உண்டாக்கியவர்களிடம் போய் இதைச் சொல்லியிருந்தால் ஒன்றும் புரியாமல் விழித்திருப்பார்கள்.

சொல் அரபியிலிருந்து வந்தது. மவ்ஸிம். அதன் வேர் வஸம, அடையாளம் இடுவது, சூடு போட்டுக் குறிப்பது. ஆகவே மவ்ஸிம் என்றால் குறிக்கப்பட்ட காலம். ஹஜ்ஜுக்குப் போகும் காலத்தையும் அரபியில் மவ்ஸிம் என்றுதான் சொல்வார்கள். இந்தியில் மௌசம், மலாயில் மூசிம், எல்லாம் அதே வேர்தான். மலாய்க்காரர்கள் டுரியான் பழம் கிடைக்கும் காலத்தைக்கூட மூசிம் டுரியான் என்கிறார்கள். அதில் மழையும் இல்லை, காற்றும் இல்லை.

மாலுமிகளுக்கு மவ்ஸிம் என்பது ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கப்பல் கிளம்பக்கூடிய நாட்கள். காற்றுக்கு அவர்கள் தனிப்பெயர் வைத்திருந்தார்கள். தென்மேற்கிலிருந்து வருவது கவ்ஸ், வடகிழக்கிலிருந்து வருவது அஸ்யப். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அஹ்மத் இப்னு மாஜித் என்ற மாலுமி இந்தப் பெயர்களையும் கிளம்பும் நாட்களையும் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஹிஜ்ரி ஆண்டு சந்திரனை வைத்துப் போவதால் வருடத்துக்குப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும். அதை வைத்துக் காற்றைக் கணிக்க முடியாது. அதனால் மாலுமிகள் பாரசீகச் சூரியக் கணக்கை எடுத்துக்கொண்டு, பாரசீகப் புத்தாண்டான நைரூஸ் நாளிலிருந்து இத்தனையாவது நாள் கிளம்பலாம் என்று எண்ணினார்கள். தொழுகைக்கும் நோன்புக்கும் ஒரு நாள்காட்டி, கடலுக்கு வேறொன்று.

இதில் கவனிக்க வேண்டியது, கவ்ஸ் வீசும் காலம் முழுவதும் கப்பல் ஓடும் காலம் இல்லை. ஜூன், ஜூலையில் தென்மேற்குக் காற்று முழு வேகத்தில் அடிக்கும்போது மலபார்க் கரையில் எந்தத் துறைக்குள்ளும் நுழைய முடியாது. அதைக் கடல் மூடியிருக்கும் காலம் என்றார்கள். அதனால் ஏடனிலிருந்து இந்தியாவுக்கு வருபவர்கள் காற்று தணியத் தொடங்கும் ஆகஸ்ட் கடைசி வரை காத்திருந்து கிளம்புவார்கள். திரும்பிப் போக வடகிழக்குக் காற்று நிலைக்க வேண்டும். காற்று வேறு, மவ்ஸிம் வேறு என்பது இங்கேதான் தெளிவாகிறது. காற்று மாதக்கணக்கில் வீசும், மவ்ஸிம் அதற்குள் இருக்கும் ஒரு சின்ன வாசல்.

அந்த வாசலைப் பார்க்காமல் கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வாஸ்கோ ட காமாவே சாட்சி. 1498 ஏப்ரல் 24 அன்று ஆப்பிரிக்கக் கரையின் மலிந்தியிலிருந்து, அங்கே கிடைத்த ஒரு வழிகாட்டியோடு கிளம்பினார். மே 20 அன்று கோழிக்கோட்டுக்கு வெளியே நங்கூரம் போட்டாகிவிட்டது. நான்கு வாரம்கூட ஆகவில்லை. திரும்பும்போது கோழிக்கோட்டில் மனஸ்தாபம். வடகிழக்குக் காற்று வரும்வரை இருக்கப் பிடிக்காமல் ஆகஸ்ட் 29 அன்றே கிளம்பிவிட்டார். கரையோரமாக வடக்கே போய் அஞ்சதீவில் கொஞ்ச நாள் கழித்துவிட்டு, அக்டோபர் 5 அன்று அரபிக்கடலைக் கடக்க ஆரம்பித்தார். தென்மேற்கு ஓய்ந்திருக்கிறது, வடகிழக்கு இன்னும் நிலைக்கவில்லை. ஒரு நாள் எதிர்க்காற்று, ஒரு நாள் காற்றே இல்லை. ஆப்பிரிக்கக் கரை கண்ணில் பட்டது 1499 ஜனவரி 2 அன்று. ஏறக்குறைய மூன்று மாதம். ஈறு வீங்கி, பல் ஆடி, ஸ்கர்வியில் அந்த ஒரு கடப்பில் மட்டும் முப்பது பேர் செத்தார்கள். ஒரு கப்பலுக்கு ஏழெட்டுப் பேர்தான் எழுந்து வேலை செய்யும் நிலையில் இருந்தார்கள் என்று கூடப் போனவர் எழுதிய குறிப்பு சொல்கிறது. அதே கப்பல்கள், அதே கடல், தேதி மட்டும் தப்பு.

போர்த்துகீசியர்கள் இந்தச் சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமே இல்லை. மவ்ஸிம் அவர்கள் வாயில் மொன்சாவ் ஆனது. அவர்களிடமிருந்து டச்சுக்காரர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் போனது. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்தில் தலைகாட்டுகிறது. அப்போதும் அது காலத்தைத்தான் குறித்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரேசிலில், சாவோ பாவ்லோவிலிருந்து உள்நாட்டுத் தங்கச் சுரங்கங்களுக்கு ஆற்றில் ஓடம் ஓட்டிப் போன பயணங்களுக்கும் மொன்சாவ் என்றே பெயர் வைத்தார்கள். பாய்மரத்துக்கு வேலையே இல்லாத பயணம் அது. அந்தக் காலத்துக் கப்பல் கடிதங்களில் மான்சூனைத் "தவறவிட்டார்கள்" என்று வரும். ரயிலைத் தவறவிடுவோமே, அந்த அர்த்தத்தில். தாமதம் மனிதனுடையது, மான்சூன் யாருக்காகவும் நின்றதில்லை. பின்னால் நிலத்தில் உட்கார்ந்து வரி வசூலித்தவர்களுக்குக் காற்றைவிட மழை முக்கியமாகிவிட்டது. காலத்தின் பெயர் காற்றுக்குப் போய், காற்றின் பெயர் மழைக்குப் போய்விட்டது.

நம் ஆட்கள் காற்றுக்குத் திசையை வைத்துப் பெயர் வைத்தார்கள். வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. தெற்கே ராமேஸ்வரம், யாழ்ப்பாணம் பக்கம் போனால் கச்சான், சோளகம் என்று இன்னும் சேரும். காசிமேட்டில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், "டிவில இன்னாமோ மான்சூன்றான். எங்களுக்கு வாடை திரும்பிச்சா இல்லியா, அவ்ளோதான் தம்பி" என்பார். அவர் சொல்வது விஞ்ஞானத்துக்கு விரோதமும் இல்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதாக அறிவிக்கும் முன் வானிலைத் துறையும் தமிழகக் கரையில் கிழக்குத்திசைக் காற்று நிலைத்துவிட்டதா என்று பார்க்கிறது. மழை மட்டும் பெய்தால் போதாது. தொலைக்காட்சிதான் காற்றை விட்டுவிட்டு மழையை மட்டும் படிக்கிறது.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். பருவக்காற்றை ஹிப்பாலஸ் என்ற கிரேக்கர் "கண்டுபிடித்தார்" என்று பள்ளியில் படித்தோம். கிரேக்கர்கள் அந்தத் தென்மேற்குக் காற்றையே ஹிப்பாலஸ் என்று அழைத்தது உண்மை. அவர்களுக்குப் புதிது, பெயர் வைத்துக்கொண்டார்கள், சரி. ஆனால் இந்தக் கடலின் இரண்டு பக்கமும் இருந்தவர்கள் அதுவரை துடுப்பு போட்டா போய்க்கொண்டிருந்தார்கள்? கரிகாலனைப் பாடிய வெண்ணிக்குயத்தியார், காற்றை வேலை வாங்கிக் கடலில் நாவாய் ஓட்டியவனின் வழிவந்தவனே என்றுதான் அவனைக் கூப்பிடுகிறார்.

சரி, நம் ஊருக்கு வருவோம். அரபு மாலுமிக்கு வடகிழக்குக் காற்று வீடு திரும்பும் வழி. மதராஸில் அதே காற்று எமன். காரணம், அன்றைக்கு இங்கே துறைமுகம் கிடையாது. கோட்டைக்கும் கருப்பர் நகரத்துக்கும் எதிரே, திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்க வேண்டும். சரக்கும் ஆளும் மசூலா படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். வாடை புயலாக மாறினால் கப்பலைக் கரையை நோக்கியே தள்ளும், ஒதுங்க இடமில்லை. அதனால் அக்டோபர் 15 அன்று கோட்டைக் கொடிக்கம்பத்தை இறக்கிவிடுவார்கள், டிசம்பர் 15 அன்றுதான் மறுபடி ஏற்றுவார்கள். இடைப்பட்ட நாளில் வந்து நின்ற கப்பலுக்கு இன்சூரன்ஸ் செல்லாது. மதராஸின் மவ்ஸிம் இப்படிக் கொடிக்கம்பத்தில் இருந்தது.

இதைத் தெரிந்தும் மாட்டிக்கொண்டவர் லா பூர்தொனே. மொரீஷியஸ் தீவின் பிரெஞ்சு கவர்னர், கடலை நன்றாக அறிந்தவர். 1746 செப்டம்பரில் மதராஸைப் பிடித்துவிட்டார். பதினொரு லட்சம் பகோடா பொற்காசு வாங்கிக்கொண்டு ஊரை ஆங்கிலேயரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சு கவர்னர் டூப்ளே ஒத்துக்கொள்ளவில்லை. கடிதம் போகிறது, வருகிறது, நாள் ஓடுகிறது. அக்டோபர் நடுவில் காற்று திரும்பும், அதற்குள் கிளம்ப வேண்டும் என்பது லா பூர்தொனேவுக்குத் தெரியும். அக்டோபர் 13 இரவு புயல் வந்தது. நங்கூரம் போட்டு நின்றிருந்த கப்பல்களில் சில ஆட்களோடு மூழ்கின, மற்றவை பாய்மரம் முறிந்து கடலில் அலைந்தன. அன்றைக்கு இந்தக் கடலில் பிரான்சுக்கு இருந்த கப்பல் பலம் ஒரே இரவில் உடைந்தது. அது உடையாமல் இருந்திருந்தால் இந்தக் கரையின் கதை எப்படிப் போயிருக்கும் என்று வரலாற்றுக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். டூப்ளேவின் பிடிவாதம், லா பூர்தொனேவின் பேராசை என்று பழி போடுவார்கள். என்னைக் கேட்டால் இருவரும் தேதியைத் தவறவிட்டார்கள், அவ்வளவுதான்.

1876இல்தான் கல் போட்டுத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பரில் ஒரு புயல் அதை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். அந்தச் சுவர் நின்றதும் வேறொரு கணக்கு ஆரம்பித்தது. இந்தக் கரையில் தெற்குக் காற்றின் மாதங்களில் அலை மணலை வடக்கே நகர்த்தும், வாடை மாதங்களில் தெற்கே. தெற்குக் காற்றுக்கு மாதங்கள் அதிகம் என்பதால் மொத்தத்தில் மணல் வடக்கு நோக்கித்தான் போகும். துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கரை தின்னப்பட்டுக்கொண்டே போனது. எண்ணூர் நெடுஞ்சாலையோரம் கடலுக்கும் நமக்கும் நடுவே கொட்டியிருக்கும் கருங்கற்கள் அதனால்தான். மெரினாவில் மாலை நடை போகிறவர்கள் இதற்காக வடசென்னைக்காரர்களான எங்களுக்கு ஒரு நன்றியாவது சொல்லலாம்.

எண்ணூர், பழவேற்காடு, காட்டுப்பள்ளிப் பக்கத்து நண்பர்கள் யாராவது இருந்தால், உங்கள் குப்பத்தில் வாடைக்கும் கொண்டலுக்கும் நடுவே வரும் காற்றுக்கு என்ன பெயர், அது அடித்தால் எந்த வலை போடுவார்கள் என்று கீழே எழுதுங்கள். அகராதியில் இருப்பது வேண்டாம், வீட்டுப் பெரியவர்கள் வாயால் சொல்வது வேண்டும்.