கியர் இல்லாத வண்டிக்கு ஒரு கியர் போர்டு

போன வாரம் அக்கா மகன் தாய்லாந்திலிருந்து ஒரு போட்டோ அனுப்பினான். சியாங் மாயிலிருந்து பாய் என்ற மலையூருக்குப் போகிற 1095-ஆம் எண் சாலை. மொத்தம் 762 வளைவு என்று அங்கே டீ-சர்ட்டிலேயே அச்சடித்து விற்கிறார்களாம். வாடகை ஸ்கூட்டர், பின்னால் மனைவி. ஏற்றம் முடிந்து இறங்கப் போகிற இடத்தில் நின்று படம் எடுத்திருக்கிறான்.

படத்தில் மஞ்சள் நிறத்தில் சாய்சதுரப் பலகை, அதில் சரிவில் மூக்கைக் கீழே வைத்தபடி ஒரு லாரி. அடியில் தாய் எழுத்தில் இரண்டு வரி. அந்த எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விட மாட்டார்கள், அதனால் எது எங்கே முடிகிறது என்றே தெரியாது.

"மாமா, லாரிக்குன்னு போட்டிருக்கான் போல. நமக்கில்லதானே?"

நான் குன்னூர்க்காரன். கல்லட்டியில் பல வருடம் ஜீப் ஓட்டியவன். "டேய், இறங்காதே. பக்கத்தில் யாராவது இருந்தால் வாசிக்கச் சொல்லு" என்றேன். நம் ஊரில் எச்சரிக்கைப் பலகை சிவப்பு ஓரம் போட்ட முக்கோணமாக இருக்கும். அங்கே அதே வேலையை மஞ்சள் சாய்சதுரம் செய்கிறது. லாரிப் படம் போட்டிருப்பது சரிவைக் காட்டத்தான், லாரிக்காரருக்கு மட்டும் சொல்ல அல்ல.

பழக்கடை அம்மா வாசித்ததை வாய்ஸ் மெசேஜில் அனுப்பினான். முதல் வரி "கோங் அந்தராய்". என் காது உடனே நிமிர்ந்தது. அந்தராயம் நம்மிடமும் இருக்கிற பழைய சொல்தானே, தடை, இடையூறு என்று பொருள். சரி, மண்சரிவு, வழி அடைப்பு என்று நினைத்துக்கொண்டேன். தப்பு. வடமொழியிலிருந்து அங்கே போன சொல் 'ஆபத்து' என்று மாறிவிட்டது. கோங் என்றால் வளைவு. ஆக, ஆபத்தான வளைவு. நான் சொந்தக்காரச் சொல் என்று நம்பி, "ரோடு அடைப்பாம், காத்திரு" என்று சொல்லியிருப்பேன்.

இரண்டாவது வரி "சாய் கியா தம்". நடுவில் இருப்பது நம்ம கியர்தான், கடைசி எழுத்தை அவர்கள் விழுங்கிவிடுகிறார்கள். தாழ்ந்த கியரைப் பயன்படுத்து. கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவுக்கும் நாங்கள் கிளிப்பிள்ளை போலச் சொல்லுகிற அதே பாடம்.

மொழிபெயர்ப்பு முடிந்தது. ஆனால் அவன் கேட்டது நியாயமான கேள்வி: "மாமா, இதுல கியரே இல்லையே?"

இங்கேதான் எனக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. தாழ்ந்த கியர் என்றால் எஞ்சினை வைத்து வண்டியைப் பிடித்துக்கொள், பிரேக்கை மட்டும் நம்பாதே என்று பொருள். கியர் வண்டியில் இரண்டாவதில் போட்டால் எஞ்சினே இழுத்துப் பிடிக்கும். ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டரில் பிடிப்பு ரொம்பக் குறைவு. ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டு மெதுவாக இறங்கினால், ஒரு கட்டத்தில் உள்ளே இருக்கும் கிளட்ச் தானாக விலகிவிடும். அப்புறம் அது நியூட்ரலில் உருளுகிற வண்டிதான். மொத்தப் பளுவும் பிரேக் மேல். விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் பிரேக் கட்டை காய்ந்து கருகல் வாடை வரும், லீவர் வழக்கத்தைவிட உள்ளே போகும். வாடையைத் தெரிந்துகொண்டு நின்றால் பிழைத்தோம்.

அதனால் அந்த இரண்டு வரியை அவன் வண்டிக்கு நான் இப்படித் தமிழாக்கினேன்: "இறங்கும் முன்பே வேகத்தைக் குறை. எஞ்சினை அணைக்காதே. ரெண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்து, விடு, அழுத்து, விடு. வளைவுக்குள் போய்ப் பிடிக்காதே, அதற்கு முன்னாலேயே பிடி. வாடை வந்தால் நிறுத்து." பலகையில் இதில் ஒரு சொல்கூட இல்லை.

பாதி வழியில் வாடை வந்தே விட்டது. நிறுத்திவிட்டு, பாட்டில் தண்ணீரை ஊற்றட்டுமா என்று கேட்டான். வேண்டவே வேண்டாம், சூடான டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் பட்டால் வளைந்துபோகலாம், காற்றிலேயே ஆறட்டும் என்றேன். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். லீவர் பழையபடி கெட்டியாக வந்தது.

இதை எழுதக் காரணம், நம் மலையிலும் இப்போது வாடகைக்கு எடுத்து ஓட்டுவது பெரும்பாலும் கியரில்லாத ஸ்கூட்டர்தான். நம் பலகையோ இன்னும் 'இரண்டாவது கியரில் இறங்கவும்' என்கிறது. தமிழ் நன்றாகத் தெரிந்தவனுக்கே அது புரியாத எழுத்துதான். அடியில் ஒரு ஸ்கூட்டர் படம், 'நின்று நின்று இறங்கவும்' என்று ஒரு வரி. அவ்வளவுதான் கேட்கிறேன். சமவெளியிலிருந்து வருகிற பையன்கள் குன்னூர் இறக்கத்தில் லீவரைப் பிடித்த பிடியாக வருவதை, அந்தப் பதினாலு வளைவிலும் நான் தினமும் பார்க்கிறேன். வண்டி வருவதற்கு முன்னால் வாடை வந்துவிடுகிறது.