"கோபமா?" என்று கேட்டாள்

ஹாங்காங்கில் மூன்றாவது வருடம் நடந்தது. அலுவலகத் தோழி ஒருத்தியுடன் சா சான் தெங்கில் (பால் தேநீரும் மக்ரோனி சூப்பும் கிடைக்கும் உள்ளூர் உணவகம்) சாப்பிடுவதாக ஏற்பாடு. வேலை இழுத்துக்கொண்டது. அகராதியெல்லாம் புரட்டி, பிழையே இல்லாமல் ஒரு வரி அனுப்பினேன்:

我今天不能來，對不起。

உடனே பதில் வந்தது: 嬲咗呀？ "கோபமா?"

வரியில் இலக்கணப் பிழை கிடையாது. நெருங்கிய தோழிக்கு வாட்ஸப்பில் "இன்று என்னால் வர இயலாது. மன்னிக்கவும்." என்று அனுப்பினால் அவள் என்ன நினைப்பாள்? அதேதான். மறுநாள் எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று அவளே தட்டிக் காட்டினாள்:

我今日嚟唔到呀，唔好意思

இரண்டுக்கும் பொதுவாக நிற்பது முதல் எழுத்தும் (நான்) "இன்று" என்பதில் பாதியும்தான். தமிழில் "வருகிறேன்", "வரேன்" இரண்டும் ஒரே சொல், ஒன்று தேய்ந்தது. ஹாங்காங்கின் பேச்சுமொழியான கான்டனீஸில் அப்படி இல்லை. அவர்கள் பள்ளியில் எழுதக் கற்கும் "சூ மின் யூ" என்ற எழுத்து நடை, இலக்கணத்திலும் சொல்லிலும் கிட்டத்தட்ட மாண்டரின்தான். அதைக் கான்டனீஸ் உச்சரிப்பில் வாசிப்பார்கள். "அவன்" என்பதற்கு எழுத்தில் 他, வாயில் 佢. வேர்களே வேறு. "இல்லை" என்பதற்கு எழுத்தில் 不, வாயில் 唔. இந்த 唔 எழுத்தின் ஒலி வெறும் "ம்". நமக்கு "ம்" என்றால் சரி, இவர்களுக்கு மறுப்பு. இதனால் நான் பட்ட பாட்டைத் தனிப் பதிவாக எழுதலாம்.

நான் தப்பு செய்த காரணம் எளிது. பேச்சை யுட்பிங் என்ற ரோமன் எழுத்துமுறையில் கற்றேன், எழுத்துகளைப் பாடப்புத்தகத்தில் கற்றேன். பேச்சுச் சொற்களுக்கும் எழுத்துகள் உண்டு என்பதே தாமதமாகத்தான் தெரிந்தது. பள்ளிக் கட்டுரையில் அவற்றை எழுதினால் ஆசிரியர் கோடு போட்டு அடித்துவிடுவாராம். ஆனால் நண்பர்களுக்குள் போகும் செய்தி முழுக்க அவைதான்.

அதிலும் பாடப்புத்தகச் சுத்தம் வேண்டாம். கணினியில் சீன எழுத்துகளைப் பதிக்கத் தைவானில் உருவான பிக்-5 குறிமுறையில் இந்தப் பேச்சு எழுத்துகள் பல இல்லை. 1999-ல் ஹாங்காங் அரசு துணை எழுத்துத் தொகுதி ஒன்றை வெளியிட்டு அந்தக் குறையைச் சரிசெய்தது. அதற்குள் ஜனம் குறுக்குவழி கண்டுபிடித்துவிட்டது: 咗 வேண்டிய இடத்தில் 左, 嚟-க்கு 黎, 啲-க்கு ஆங்கில எழுத்து D. இன்றைக்கு எல்லா போனிலும் சரியான எழுத்துகள் இருந்தும் பழக்கம் போகவில்லை. தோழி இன்னமும் 黎 என்றுதான் தட்டுகிறாள்.

என் கணக்கில், இரண்டு செய்திகளுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் சொற்களில்கூட இல்லை, நடுவில் நிற்கும் அந்த 呀-வில் இருக்கிறது. அதற்குத் தனியாக அர்த்தம் சொல்ல முடியாது. நாம் "வர முடியலப்பா" என்பதில் உள்ள "ப்பா" மாதிரி. அதை எடுத்துவிட்டால் வரி மொட்டையாகிறது. அதன் இடத்தில் 囉 போட்டால் "வர முடியல, வேற என்ன பண்ண" என்ற சலிப்பு வந்துவிடும். எழுத்து நடையில் இவற்றுக்கு இடமே இல்லை, அதனால்தான் அது முகம் இறுகியது போல் இருக்கிறது. நான் கடைசியில் வைத்த முற்றுப்புள்ளி வேறு அந்த இறுக்கத்தைக் கூட்டியிருக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் பேச்சாக மாற்றவும் கூடாது. ஆர்வக்கோளாறில் தோழியின் பிறந்தநாளுக்கு 生日開心 என்று அனுப்பினேன். 開心 என்பதுதான் பேச்சில் "சந்தோஷம்". விழுந்து விழுந்து சிரித்தாள். எவ்வளவு நெருக்கமானவர்களாக இருந்தாலும் அங்கே எழுத்து நடையின் 生日快樂 என்பதுதான் வழக்கம். இரங்கல் சொல்வதும் அப்படித்தான், மாற்றக்கூடாத நான்கெழுத்துத் தொடர்.

பேச்சு நடையிலும் ஒரு ஓட்டை உண்டு. போன மாதம் பொது நண்பன் ஒருவனைப் பற்றி அவள் அனுப்பினாள்: 佢嚟唔到喎. கடைசி எழுத்தை ஒரு தொனியில் படித்தால் "அட, அவனால வர முடியாதே". குரலை இறக்கி ஏற்றினால் "அவனால வர முடியாதாம்". நம்முடைய அந்த "ஆம்" அப்படியே. தொனி எழுத்தில் தெரியாது. அவளாகக் கண்டுபிடித்தாளா, அவனே சொன்னானா? கேட்டேன். எரிச்சலோடு மூன்று நொடிக் குரல்செய்தி வந்தது. "ஆம்"தான்.