மேன்ஹோல் வாசலில் நிற்கிறவர் உள்ளே இறங்கக் கூடாது

கப்பல் டேங்க் மாதிரி மூடிக் கிடந்த இடத்துக்குள் ஒருவர் மயங்கி விழுந்து, "காப்பாற்ற இறங்கிய இருவரும் பலி" என்று செய்தி வந்தால் அதன் கீழே நாம் எல்லோரும் எழுதுவது ஒன்றுதான். நல்ல மனசு, அடுத்தவனுக்காக உயிரைக் கொடுத்துட்டான். அந்த மனசைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த இரண்டாவது, மூன்றாவது சாவைத் தடுக்க வழி இருக்கிறது. காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் துறைமுக வேலைக்கும் கப்பல் ரிப்பேருக்கும் போகிற பிள்ளைகள் நிறைய. அவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2007 செப்டம்பரில் இங்கிலாந்துக்குக் கிழக்கே, வட கடலில் நடந்தது இது. வைக்கிங் ஐலே என்று ஒரு கப்பல். எரிவாயுத் தளங்களுக்குப் பக்கத்தில் நின்று, யாராவது கடலில் விழுந்தால் மீட்பதுதான் அதன் வேலை. நங்கூரச் சங்கிலி, அதைப் போட்டு வைக்கிற மூடிய அறையான செயின் லாக்கருக்குள் இடித்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அதை இழுத்துக் கட்டலாம் என்று ஒருவர் இறங்கினார், விழுந்தார். கூட வந்தவர் மேலே தகவல் சொல்லிவிட்டு, தூக்கிவிடலாம் என்று இறங்கினார். அவரும் விழுந்தார். மூன்றாவது ஆள் காற்று சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தார், அந்தத் திறப்புக்குள் சிலிண்டரோடு நுழைய முடியவில்லை. அதைக் கழற்றிவிட்டு, தப்பித்து வெளியேறுவதற்காக வைத்திருக்கும் சின்ன முகமூடியைப் போட்டுக்கொண்டு இறங்கினார். அவரும் மேலே வரவில்லை. மீட்புக்கென்றே பயிற்சி எடுத்த ஆட்கள் மூன்று பேர், ஒரே லாக்கருக்குள் போனார்கள்.

அந்த லாக்கரில் விஷவாயு எதுவும் தேவைப்படவில்லை. துருப்பிடித்த சங்கிலி, ஈரம், உப்பு, மூடிய கதவு, இவ்வளவு போதும். இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றில் இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிடும். மிச்சம் இருப்பது பெரும்பாலும் நைட்ரஜன். அதற்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. கப்பல் சாயாமல் நிற்கக் கடல் தண்ணீர் நிரப்புகிற பேலஸ்ட் டேங்க் பல மாதம் மூடிக் கிடந்தாலும் இதே கதைதான்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, மூச்ச புடிச்சிகினு எறங்கி, இழுத்துகினு வந்துற மாட்டோமா?" இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் மனதுக்குள் வைத்திருக்கிறார்கள்.

மூச்சு முட்டுகிற உணர்ச்சியைக் கொடுப்பது ஆக்சிஜன் குறைவு இல்லை, உடம்பில் சேருகிற கார்பன் டை ஆக்சைடு. நைட்ரஜனை இழுத்து விட்டாலும் அந்தக் கார்பன் டை ஆக்சைடு வெளியே போய்க்கொண்டே இருக்கும். அதனால் திணறல் வராது, எச்சரிக்கையும் வராது. நாம் வெளியில் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். அது ஆறு சதவீதத்துக்கும் கீழே போன இடத்தில் இரண்டு மூன்று மூச்சு இழுத்தாலே, இரத்தத்தில் ஏற்கெனவே இருந்த ஆக்சிஜனும் நுரையீரல் வழியாக வெளியே போய்விடும். சில வினாடிகளில் நினைவு போகும். ஏணியில் இருந்தால் அங்கிருந்தே விழுவார்.

மூச்சைப் பிடித்தால் என்ன ஆகும் என்றும் பார்ப்போம். ஓடி வந்திருக்கிறான், பயத்தில் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஏணி இறங்கி, இருட்டில் ஆளைத் தேடி, எழுபது கிலோ உடம்பைத் தூக்க வேண்டும். நினைவில்லாத உடம்பு கையில் நிற்காது, நழுவும். பெரிய மேன்ஹோல் ஆனாலும் ஒரு ஆள் நெருக்கித்தான் போக முடியும். தூக்க முயன்ற அந்த நொடியில் தானாகவே ஒரு மூச்சு இழுத்துவிடுவான். இதில் தைரியத்துக்கு வேலையே இல்லை.

சரி, ஆக்சிஜன் அளக்கிற மீட்டர் வைத்துப் பார்த்தால் போதாதா? பார்க்க வேண்டும், ஆனால் எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்க வேண்டும். மீட்டரை முதலில் வெளிக்காற்றில் வைத்து 20.9 காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆள் உள்ளே போகாமல், குழாயை மட்டும் இறக்கி மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும் காற்றை இழுத்துப் பார்க்க வேண்டும். குழாய் நீளம் என்றால் அடியிலிருந்து காற்று மீட்டருக்கு வந்து சேர நேரம் ஆகும், அதுவரை காத்திருக்க வேண்டும். அளக்கும்போது, உள்ளே காற்று ஊதுகிற மெஷினான பிளோயரை நிறுத்திச் சில நிமிடம் விட வேண்டும், இல்லாவிட்டால் பிளோயர் ஊதுகிற நல்ல காற்றைத்தான் மீட்டர் காட்டும்.

எண்ணைப் படிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பல மீட்டர்கள் 19.5க்குக் கீழே போனால்தான் கத்தும். அதனால் 20.4 என்று வந்தால் "ஓகே, எறங்கு" என்கிறார்கள். காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். வேறொரு வாயு உள்ளே புகுந்து அந்த அரை சதவீதத்தைக் குறைத்திருந்தால், அந்த வாயு ஏறக்குறைய இரண்டரை சதவீதம் இருக்கிறது என்று அர்த்தம். அழுகிய கழிவிலிருந்து வருகிற ஹைட்ரஜன் சல்பைடு வெறும் 0.1 சதவீதம் இருந்தாலே ஆள் உடனே சாய்வார். அந்த அளவை ஆக்சிஜன் மீட்டர் காட்டவே காட்டாது. அழுகின முட்டை நாற்றத்தை நம்பவும் முடியாது, வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். ஆகவே 20.9 வராவிட்டால் ஏன் வரவில்லை என்று தெரியாமல் யாரும் இறங்கக் கூடாது. எரியும் வாயுவையும் விஷ வாயுவையும் தனித்தனியாக அளந்தே ஆக வேண்டும்.

எண்ணூரில் நிலக்கரிக் கப்பல்களில் வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. நிலக்கரியும் ஆக்சிஜனைத் தின்னும், கார்பன் மோனாக்சைடும் விடும். சரக்கு அறையான ஹோல்டின் மேலே இருக்கிற ஹேட்ச் மூடியைத் திறந்ததும் வானம் தெரிகிறது என்று நிம்மதி வந்துவிடும். ஆனால் ஹோல்டுக்குள் இறங்குகிற படிக்கட்டுக் கூண்டு தனி அறை. அதன் அடிப்பக்கம் கரிக்குள் புதைந்து கிடக்கும், அதற்குள் கெட்ட காற்று அப்படியே தங்கியிருக்கும். அதையும் தனியாக அளக்கச் சொல்லுங்கள்.

இப்போது, உள்ளே இறங்க அனுமதி கொடுக்கிற பேப்பரான பெர்மிட். டேங்க் காற்றோட்டம், அளவீடு, வெளிச்சம், தொடர்பு எல்லாம் அதில் இருக்கும். என் பார்வையில் அதில் உயிரான வரி ஒன்றுதான்: வாசலில் நிற்கிறவர் யார், ஆள் விழுந்தால் அவர் என்ன செய்வார்? அவர் வேலை உள்ளே இருப்பவர்களை எண்ணி வைத்திருப்பது, பேசிக்கொண்டே இருப்பது, பதில் வராவிட்டால் அலாரம் அடிப்பது. அவர் இறங்கிவிட்டால் உதவி கேட்க மேலே யாரும் இல்லை. அதனால் அவரைத் தேநீர் வாங்கிவரக்கூட அனுப்பக் கூடாது. முதுகு சிலிண்டர், ஆளைத் தூக்க உடம்பில் மாட்டுகிற ஹார்னஸ் பட்டை, கயிறு, தூக்க முக்காலி எல்லாம் மேன்ஹோல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சிலிண்டரோடு அந்தத் துளையில் நுழைய முடியுமா என்று முன்பே ஒருவர் நுழைந்து பார்த்திருக்க வேண்டும். வைக்கிங் ஐலேயில் அதைத் தெரிந்துகொண்டது இரண்டு பேர் விழுந்த பிறகு.

2015 முதல் கப்பல் ஊழியர்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதற்கான மீட்புப் பயிற்சி சர்வதேச விதிப்படி கட்டாயம். ஆனால் துறைமுகத்தில் ஒரு நாள் கூலிக்கு ஏறுகிற நம்ம பையன் அந்தப் பயிற்சியில் நிற்பதே இல்லை. கெட்ட காற்று இருக்கிற டேங்கைச் சுரண்ட இறங்குவது பெரும்பாலும் அவன்தான். கப்பல்காரன் பெர்மிட்டில் கையெழுத்துப் போடுவான், காண்டிராக்டர் ஆளைக் காட்டுவான், அந்தப் பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது என்று இவனுக்கு யாரும் படித்துச் சொல்வதில்லை. இதுதான் எனக்கு ஆறாத கோபம். இறங்குகிறவன் கையில் ஒரு பிரதி கொடுங்கள், தமிழில் கொடுங்கள், மீட்டரை அவன் கண் முன்னால் காட்டுங்கள்.

தம்பிகளே, இறங்குவதற்கு முன்னால் மேஸ்திரியிடம் ஒன்று கேளுங்கள்: "நான் விழுந்தா எப்படித் தூக்குவீங்க?" "ஆள் இருக்காங்கப்பா, பாத்துக்கலாம்" என்று பதில் வந்தால் இறங்காதீர்கள். ஏற்கெனவே ஒருவர் விழுந்துவிட்டால், கத்துங்கள், கப்பல் அலாரத்தை அடிக்கச் சொல்லுங்கள், கரையில் என்றால் 101க்கு அடியுங்கள். அவர் உடம்பில் கயிறு இருந்தால் மேலே இருந்தே இழுங்கள், உள்ளே தடுப்புகளில் சிக்கினால் விட்டுவிட்டு மீட்பு ஆட்களுக்குக் காத்திருங்கள். பிளோயரை முடுக்கி நல்ல காற்றை உள்ளே விடுங்கள். வெல்டிங் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து மட்டும் விடாதீர்கள், ஒரு பொறி பட்டால் துணியும் எண்ணெயும் பற்றி உள்ளே இருக்கிறவரை எரித்துவிடும். முதுகு சிலிண்டர் மாட்டத் தெரிந்த ஆள் வரும்வரை, உள்ளே கிடப்பது உங்கள் சொந்த அண்ணனே ஆனாலும், மேன்ஹோலுக்கு வெளியிலேயே நில்லுங்கள்.