கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லுங்கள்

செய்தித் தொடர்பாளர்களைப் பிரஸ் மீட்டுக்குத் தயார்செய்வது என் வேலை. "கேள்வி எதுவானாலும் நம்ம பாயிண்டையே சொல்லச் சொல்லுங்க" என்று நிர்வாகங்கள் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அது தொடர்பாளரை ஊர் முன்னால் நிறுத்தி அவமானப்படுத்தும் யோசனை.

2011 ஜூனில் பிரிட்டனில் அரசு ஊழியர்கள் ஓய்வூதியப் பிரச்சினைக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போதைய தொழிற்கட்சித் தலைவர் எட் மிலிபாண்ட் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், பேச்சுவார்த்தை நடக்கும்போது வேலைநிறுத்தம் தவறு என்ற பதிலையே கேள்விக்குக் கேள்வி, சொற்களைக்கூடப் பெரிதாக மாற்றாமல் சொன்னார். செய்தியில் ஒரு துண்டுதான் வரும், அது தன் துண்டாக இருக்கட்டும் என்ற கணக்கு. ஆனால் முழுப் பதிவும் இணையத்தில் பரவியது. அவருடைய நிலைப்பாட்டை விட்டுவிட்டு, ஒரே பதிலைச் சொன்னதைத்தான் ஊரே பேசியது.

பிரிட்ஜிங் என்பது கேள்வியிலிருந்து நம் செய்திக்குப் பாலம் போடுவது. பாலத்தின் முதல் கால் கேள்வியில் ஊன்ற வேண்டும். ஓர் ஆலையில் அமோனியா கசிந்து 6 பேர் மருத்துவமனையில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிருபர் கேட்கிறார்: "பராமரிப்புச் செலவைக் குறைத்ததால்தானே இந்த விபத்து?" பலர் உடனே "நாங்கள் செலவைக் குறைக்கவில்லை" என்பார்கள். மறுநாள் தலைப்பில் 'செலவுக் குறைப்பு' வந்துவிடும். 1973-ல் அப்போதைய அமெரிக்க அதிபர் நிக்சன் "நான் மோசடிக்காரன் அல்ல" என்றபோதும் இதுதான் நடந்தது. மறுப்பு மறைந்து அந்தச் சொல் நின்றுவிட்டது.

நான் பழக்கும் பதில் இது: "காரணம் இன்னும் உறுதியாகவில்லை. பராமரிப்புப் பதிவேடுகள் முழுவதையும் ஆய்வு அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டோம். இப்போது உறுதியாகச் சொல்லக்கூடியது, கசிந்த வால்வு மூடப்பட்டுவிட்டது, 6 பேரின் சிகிச்சைச் செலவும் எங்களுடையது." முதல் வாக்கியம் பதில், இரண்டாவது ஆதாரம், "இப்போது" என்ற சொல்லில் பாலம். இதில் ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்தால்தான் நிற்கும். பதிவேட்டைக் கொடுக்காமல் கொடுத்ததாகச் சொன்னால் மாலைக்குள் மாட்டிக்கொள்வார்.

ஒத்திகைக்கு நிர்வாகத்துக்கே பிடிக்காத கேள்விகளாகப் பார்த்து இருபது எழுதுவேன். கேமரா, லைட் வைத்து, மூன்று பேர் ஒரே நேரத்தில் குறுக்கே கத்திக் கேட்போம். அப்புறம் பதிவைப் போட்டுப் பார்ப்போம். ஒரே கேள்வி மூன்றாம் முறை வந்தால் நிருபரைக் குறை சொல்லக்கூடாது. முதல் பதிலில் கால் ஊன்றவில்லை என்று அர்த்தம், அந்தப் பதிலைத்தான் திருத்த வேண்டும்.

பாலமே போடக்கூடாத கேள்வியும் உண்டு. "எத்தனை பேர் இறந்தார்கள்?" என்றால் எண்ணைச் சொல்லி, இரங்கலைச் சொல்லி, நிறுத்த வேண்டும். அங்கே "ஆனால் எங்கள் பாதுகாப்புத் தரம்..." என்று தொடங்குபவரை நான் மேடைக்கு அனுப்ப மாட்டேன்.