இரவு 2:10 மணிக்கு நெட்வொர்க்கை யார் துண்டிப்பது?

பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்தான் ரான்சம்வேர். பல மருத்துவமனைகளில் அந்தத் தாக்குதலுக்கான ஒத்திகையைப் பகல் 11 மணிக்கு, ஏசி அறையில், ஐ.டி. மேலாளரையும் துறைத் தலைவர்களையும் உட்கார வைத்து நடத்துகிறார்கள். அதில் எல்லாம் சரியாக நடக்கும், ஏனென்றால் முடிவெடுக்க வேண்டிய எல்லோரும் ஒரே மேஜையில் இருக்கிறார்கள். நிஜத் தாக்குதல் பெரும்பாலும் ஆள் குறைவான இரவிலோ விடுமுறையிலோதான் வருகிறது. அதனால் இந்த ஒத்திகையை நைட் ஷிப்ட் ஆட்களை வைத்து இரவில்தான் நடத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சென்னையில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் போன மாதம் அப்படித்தான் செய்தோம். எந்தக் கணினியையும் தொடவில்லை. டியூட்டியில் இருந்த ஒரே ஐ.டி. தம்பி, இரவு டியூட்டி டாக்டர், நர்சிங் சூப்பர்வைசர், லேப் டெக்னீஷியன், இவர்களோடு, என்ன நடக்கிறது என்று சீட்டுச் சீட்டாகப் படித்துக் கதையை நகர்த்த நான். வார்டைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் போட்டுவிட்டுத்தான் இவர்களைக் கூப்பிட்டோம்.

முதல் சீட்டு: மணி 2:10. மூன்றாவது மாடி நர்ஸ் போன் செய்கிறார். "தம்பி, டிஸ்சார்ஜ் சம்மரி எதுவும் திறக்கல, பைல் பேரெல்லாம் கடைசியில `.locked`னு மாறியிருக்கு." ஐ.டி. தம்பி யோசிக்காமல் சொன்ன பதில், "ரீஸ்டார்ட் பண்ணுங்க சிஸ்டர்." அவரைக் குறை சொல்ல முடியாது, மற்ற எல்லா நாளும் அதுதான் சரியான பதில். இங்கே மட்டும் அது தவறு. ரீஸ்டார்ட் செய்தால் எது ஓடிக்கொண்டிருந்தது என்று காட்டும் நினைவகத் தடயம் போய்விடும், நெட்வொர்க் இணைப்போ அப்படியே இருக்கும். செய்ய வேண்டியது, லேன் கேபிளை உருவி, வைஃபையை அணைத்து, கணினியை மட்டும் ஆனிலேயே விட்டுவிடுவது.

இரண்டாவது சீட்டு: 2:18. லேபிலும் ரிப்போர்ட் திறக்கவில்லை, பைல் சர்வரில் பணம் கேட்டு ஒரு `README.txt` கிடக்கிறது. இனி ஒரு கணினியைப் பிரித்துப் பயனில்லை, மொத்த நெட்வொர்க்கையும் இணைக்கும் கோர் ஸ்விட்ச்சில் சர்வர் பக்கத்தையே துண்டிக்க வேண்டும். துண்டித்தால் பில்லிங், பார்மசி, ஸ்கேன் படங்கள் எல்லாம் நிற்கும். அந்த அதிகாரம் யாருக்கு? தம்பி மேலாளரை அழைத்தார், எடுக்கவில்லை. அடுத்தவர், அதற்கடுத்தவர். ஒத்திகைக் கடிகாரத்தில் 25 நிமிடம் போய்விட்டது. அந்த நேரத்தில் வைரஸ் எத்தனை சர்வருக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அதற்கப்புறம் மருத்துவக் கண்காணிப்பாளரிடம் பேசி, ஒரே பக்கத்தில் ஒரு உத்தரவு எழுதிக் கையெழுத்து வாங்கினோம். இரண்டு தனித்தனி இடங்களில் பைல்கள் பூட்டப்பட்டிருந்தாலோ, ஒரு சர்வரில் மிரட்டல் குறிப்பு இருந்தாலோ, டியூட்டி ஐ.டி. ஊழியரும் டியூட்டி டாக்டரும் சேர்ந்து துண்டிக்கலாம், மறுநாள் யாரும் அவர்களைக் கேள்வி கேட்கக் கூடாது. முதலில் துண்டிக்க வேண்டியது பேக்கப் சர்வரை. தாக்குபவர்கள் முதலில் தேடுவதே அதைத்தான். மற்ற சர்வர்களின் அட்மின் பாஸ்வேர்டே அதற்கும் என்றால் அதுவும் சேர்ந்து போய்விடும். எங்களுடையது அப்படித்தான் இருந்தது, இப்போது பிரித்துவிட்டோம்.

யாரும் எதிர்பார்க்காத ஒன்றை நர்சிங் சூப்பர்வைசர்தான் கேட்டார். "ஸ்விட்ச்சை நிறுத்தினா எங்க மேஜை போன் வேலை செய்யுமா?" செய்யாது. எல்லாமே ஐ.பி. போன், அதே நெட்வொர்க்கில் ஓடுபவை. வென்டிலேட்டர் தன்பாட்டுக்கு ஓடும், ஆனால் ஐ.சி.யூ. நோயாளிக்குப் பொட்டாசியம் 6.8 என்று ஆபத்தான அளவில் இருப்பது லேபில் தெரிந்தால் அதை மேலே சொல்ல வழியில்லை. எழுதிய சீட்டோடு ஆள்தான் ஓட வேண்டும். அந்தச் சீட்டில் பெயரோடு நோயாளி எண்ணும் இருக்க வேண்டும், ஒரே வார்டில் இரண்டு லட்சுமி இருப்பது நம் ஊரில் சாதாரணம். எண்களைப் பார்க்கலாம் என்றால் அந்தப் பட்டியலும் பூட்டிய சர்வரில். இப்போது நள்ளிரவுக்கு ஒருமுறை, நோயாளிப் பட்டியலை ஒவ்வொரு மாடியிலும் அச்செடுத்து வைக்கிறார்கள். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் முடங்கியபோது பல நாட்கள் எல்லாம் கையால்தான் எழுதினார்கள் என்பதை மறக்கக் கூடாது.

இன்னொன்று, சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் விதி. 2:10-க்குத் தெரிந்தால் கெடு காலை 8:10. மேலாளர் 9 மணிக்குத்தான் வருவார். அதனால் `incident@cert-in.org.in` என்ற முகவரியையும் அனுப்ப வேண்டிய விவரங்களையும் அச்செடுத்து இரவு மேஜையில் ஒட்டியிருக்கிறோம், வெளி இணைப்பில் இருக்கும் ஒரு மொபைலிலிருந்து அனுப்ப வேண்டும் என்ற குறிப்போடு.

இந்த வாரம் வேறு ஷிப்ட் ஆட்களோடு மறுபடி நடத்தினோம். துண்டிக்கும் முடிவு 9 நிமிடத்தில் வந்தது. லேப் சீட்டுதான் இன்னும் சரியாகவில்லை. இரவில் ஒரே வார்டு பாய், அவர் ரத்த வங்கிக்குப் போயிருந்தால் சீட்டை யார் கொண்டுபோவது என்பதற்கு இன்னும் பதில் இல்லை. அடுத்த ஒத்திகையை அதிலிருந்துதான் தொடங்கப்போகிறோம்.