நாடு மாறியதும் நரைத்துப்போன பாட்டுப் பட்டியல்

கோவையிலிருந்து ஜெர்மனிக்கு வேலைக்கு வந்த சில மாதங்களில் என் இந்திய வங்கி அட்டை காலாவதியானது. வேறு வழியின்றி உள்ளூர் அட்டையைப் பதிந்து, பாட்டுச் செயலியில் கணக்கின் நாட்டை மாற்றினேன். மாதம் 100 ரூபாய்ச் சொச்சமாக இருந்த கட்டணம் 11 யூரோவானது. ஊருக்கு ஊர் விலைவாசி வேறு என்பதால் அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆனால், ஏறக்குறைய 8 மடங்கு பணம் வாங்கிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் நான் ஒவ்வொன்றாகச் சேர்த்த பாடல்களில் பலவற்றைச் சாம்பல் நிறமாக்கி வைத்திருப்பதை எப்படிப் பொறுப்பது? பெயர் தெரிகிறது, தொட்டால் ஒலிப்பதில்லை.

பாடல் அழிந்துவிடவில்லை. ஒவ்வொரு ஒலிப்பதிவோடும் அது எந்தெந்த நாடுகளில் ஒலிக்கலாம் என்ற பட்டியலும் சேவையகத்தில் இருக்கிறது. பழைய திரைப்பாடல் ஒன்றின் இந்திய உரிமை ஒருவரிடமும் வெளிநாட்டு உரிமை மற்றொருவரிடமும் இருக்கலாம். இந்தியாவுக்கு மட்டும் அனுமதி பெற்ற பதிவைத்தான் நான் சேமித்திருந்தேன். கொடுமை என்னவென்றால், அதே பாடலைத் தேடியபோது வேறொரு தொகுப்பு ஆல்பத்தில் கிடைத்தது, ஒலிக்கவும் செய்தது. இரண்டும் ஒரே குரல், ஒரே இசை. பதிவேற்றியவர் மட்டும் வேறு. இப்படித் தேடித் தேடி, 40 பாடல்களைக் கையாலேயே மீண்டும் சேர்த்தேன். செயலி தானாகச் செய்திருக்க வேண்டிய வேலை இது.

படச் செயலியில் தொல்லை வேறு விதம். அங்கே விலையை முடிவு செய்வது கணக்கின் நாடு. எந்தப் படம் தெரியும் என்பதை முடிவு செய்வதோ நான் இணையத்தில் நுழையும் இடம். ஊரில் அம்மாவோடு தமிழ்க் குரலில் பார்த்த அதே தொடருக்கு இங்கே ஜெர்மன், ஆங்கிலம், துருக்கி என்றுதான் காட்டுகிறது. சுயவிவர மொழியைத் தமிழுக்கு மாற்றிப் பார்த்தபோது ஒரு தொடருக்குத் தமிழ் திரும்பி வந்தது. அதாவது, தமிழ் ஒலித்தடம் இருந்தும், இந்த ஊரில் யாருக்கு வேண்டும் என்று மறைத்திருக்கிறார்கள். மற்றொரு தொடருக்கு வரவே இல்லை. அந்த மொழிமாற்றத்துக்கு இங்கே உரிமை வாங்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

தொழில்நுட்பத்தால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிக்கும் சந்தாதாரர் ஒன்றியத்துக்குள்ளேயே வேறொரு நாட்டுக்குத் தற்காலிகமாகச் சென்றால், கட்டணச் சேவைகள் அவருடைய சொந்த நாட்டுப் பட்டியலையே காட்ட வேண்டும் என்ற விதி 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. குடிபெயர்ந்தவருக்கு அது பொருந்தாது. இந்தியாவில் எனக்கிருந்த பட்டியலுக்கு அறவே பொருந்தாது.

உரிமைகளை நாடு வாரியாக விற்பதை நான் ஒருவன் மாற்ற முடியாது. ஆனால், என் பட்டியலில் எந்தெந்தப் பாடல்கள் புதிய நாட்டில் ஒலிக்காது என்பது நான் பொத்தானை அழுத்தும் முன்பே அவர்களின் சேவையகத்துக்குத் தெரியும். புதிய கட்டணத்தை அவ்வளவு பெரிய எழுத்தில் காட்டிய அந்தப் பக்கத்திலேயே அந்தப் பாடல்களின் பெயர்களையும் காட்டியிருக்க வேண்டும்.