சினிபெஞ்ச் ஓடி முடிந்தால் ஸ்டேபிள் என்று யார் சொன்னது?

ரைசன் ப்ராசசரின் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் -30 வைத்ததாக நேற்று ஒருவர் போட்ட பதிவின் கீழே நடந்ததை நண்பர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். எட்டு கோருக்கும் மைனஸ் முப்பது, எல்லாக் கோருக்கும் முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் டெஸ்ட் பத்து நிமிடம், ஒரு ஸ்கிரீன்ஷாட், "ராக் ஸ்டேபிள்" என்று ஒரு வரி. லைட் லோடில் சோதித்தீர்களா என்று நான் கேட்டதற்குக் கிடைத்த பட்டம், பயந்தாங்கொள்ளி. பட்டம் போகட்டும். ஒரு தம்பி அதே எண்களை அப்படியே போட்டுவிட்டு, கேம் நடுவில் ரீஸ்டார்ட் ஆகிறது என்று எழுதினார். அவருக்கு வந்த பதில்கள்: விண்டோஸை மாற்று, ராமை மாற்று, கிராபிக்ஸ் கார்டு போயிருக்கும். கர்வ் ஆப்டிமைசரைத் தொட்டாயா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அண்டர்வோல்ட் செய்யாதே என்று நான் சொல்லவே இல்லை. ரைசன் 5000 வரிசையோடு இந்த வசதி வந்ததிலிருந்து நானும் பயன்படுத்துகிறேன். ஒவ்வொரு கோருக்கும், இந்த வேகத்துக்கு இவ்வளவு வோல்டேஜ் என்று தொழிற்சாலையிலேயே ஒரு கர்வ் பதிந்திருக்கும். பாதுகாப்புக்காக அதில் கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருப்பார்கள். மைனஸ் ஆஃப்செட் அந்தக் கூடுதலைச் சுரண்டி எடுக்கிறது. ஒரு எண்ணுக்குச் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். சூடு குறையும். கேமில் அதன் பலன் உடனே தெரியும், ஏனென்றால் 5800X போன்ற ப்ராசசர் 90 டிகிரி வரம்பைத் தொடும் முன்பே, சூடு ஏற ஏற க்ளாக்கைச் சிறிது சிறிதாக இறக்கிக்கொண்டே போகும். சூடு இறங்கினால் பூஸ்ட் மேலேயே நிற்கும்.

சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. வோல்டேஜ் குறைந்ததைப் பார்த்த பூஸ்ட் அல்காரிதம் சும்மா இருக்காது. இடம் கிடைத்தது என்று க்ளாக்கை இன்னும் ஏற்றும். அதாவது நீங்கள் வோல்டேஜைக் குறைத்தீர்கள், அது வேகத்தைக் கூட்டியது. இரண்டும் சேர்ந்துதான் கோரை விளிம்புக்குத் தள்ளுகின்றன. சினிபெஞ்ச் மல்ட்டி ஓடும்போது எட்டு கோரும் சேர்ந்து மின்சாரம் இழுப்பதால் பவர் வரம்பு குறுக்கே வந்து எல்லாவற்றையும் கீழே பிடித்து வைக்கிறது. எந்தக் கோரும் தன் உச்ச வேகத்துக்குப் போவதே இல்லை. உச்சத்துக்குப் போவது எப்போது? பிரவுசர் திறந்து கிடக்கும்போது, கேம் லோடிங் திரையில், ஒரே ஒரு கோர் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று 4.8 கிகாஹெர்ட்ஸுக்குத் தாவும்போது. சினிபெஞ்ச் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பத்து நிமிடம் இல்லை, பத்து மணி நேரம் ஓட்டினாலும் இதே கதைதான்.

என் நெருங்கிய நண்பர் ஒருவரின் 5800X-இல் இதுதான் நடந்தது. எல்லாக் கோருக்கும் -30. கேமில் 84 டிகிரி இருந்தது 73-க்கு இறங்கியது, மனிதருக்கு அவ்வளவு மகிழ்ச்சி. கேம் மணிக்கணக்கில் ஓடும். ஆனால் ஆடி முடித்து ஏதாவது படித்துக்கொண்டிருக்கும்போது திரை கறுத்து ரீஸ்டார்ட் ஆகும். கேமே ஓடுகிறது, அப்புறம் ப்ராசசர் மேல் எப்படிச் சந்தேகப்படுவது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். புது பவர் சப்ளை வாங்கினார். ரீஸ்டார்ட் நிற்கவில்லை. பிறகு நான் போய், விண்டோஸ் தன் பிழைகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். `WHEA-Logger`, ஈவென்ட் ஐடி 18. உள்ளே இப்படி இருந்தது:

```
Reported by component: Processor Core
Error Type: Cache Hierarchy Error
Processor APIC ID: 6
```

அந்தக் கடைசி வரியில்தான் பதில் இருக்கிறது. எட்டு கோர் உள்ள இந்த ப்ராசசரில் ஒரு கோருக்கு இரண்டு த்ரெட். ஆறை இரண்டால் வகுத்தால் மூன்று, பூஜ்யத்திலிருந்து எண்ணும்போது கோர் 3. ஏஎம்டியின் ரைசன் மாஸ்டர் மென்பொருளில் பார்த்தால் அதுதான் நட்சத்திரக் குறி போட்ட கோர், ப்ராசசரிலேயே சிறந்தது. சிறந்த கோர் ஏன் விழுகிறது என்று நண்பருக்கு ஒரே குழப்பம். அது குறைந்த வோல்டேஜிலேயே வேகமாக ஓடக்கூடியது, அதனால் அதன் கர்வை ஏற்கெனவே இறுக்கமாகத்தான் பதிந்திருப்பார்கள். சுரண்ட அதில் மிச்சம் குறைவு. விண்டோஸும் ஒற்றைக் கோர் வேலை எல்லாவற்றையும் அதன் தலையில்தான் கட்டும்.

பயாஸில் `Curve Optimizer` போய் `All Cores` என்பதை `Per Core` ஆக்கினோம். கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவியை இரவு முழுக்க ஓடவிட்டோம். அது ஒவ்வொரு கோராக, ஒரு நேரத்தில் ஒன்றில் மட்டும், ப்ரைம்95 ஓட்டும். எஸ்எஸ்இ முறையில் வைத்தால் சூடு அதிகம் ஏறாது, அதனால் கோர் உச்ச க்ளாக்கிலேயே நிற்கும். நமக்கு வேண்டியது அதுதான். பிழை வந்தால் எந்தக் கோர் என்று சொல்லிவிடும். அந்தக் கோருக்கு மட்டும் மூன்று நான்கு எண் விட்டுக்கொடுத்து மறுபடி ஓட்டினோம். கடைசியில் கோர் 3 -8-இல் நின்றது, அடுத்த சிறந்த கோர் -12-இல். மற்றவை இருபதுக்கு மேல், ஒன்று மட்டும் -30-ஐயே தாங்கியது. கேமில் சூடு 75. வெறும் இரண்டு டிகிரி கூடுதல்! க்ளாக் அதே இடத்தில். அந்த இரண்டு டிகிரிக்காகத்தான் ஒரு மனிதர் பவர் சப்ளை வாங்கினார்.

"எனக்கு -30 நன்றாகத்தான் ஓடுகிறது" என்பவர்களுக்கு: ஓடலாம். குறிப்பாக 5800X3D வைத்திருப்பவர்கள் பலருக்கு ஓடும். அதன் பூஸ்ட் உச்சம் 4.5 கிகாஹெர்ட்ஸ். ஆஃப்செட் எவ்வளவு கொடுத்தாலும் அந்தக் கூரையைத் தாண்டி அது ஏறாது, விளிம்பு வரை போகாது. உங்கள் எண்ணை உங்கள் ப்ராசசரின் எண் என்று சொல்லுங்கள், நான் எதிர்க்க மாட்டேன். உச்ச க்ளாக்கையே உயர்த்தும் `Boost Clock Override`-இல் +200 வேறு வைத்திருக்கும் 5800X-காரருக்கு அதே எண்ணைத் தூக்கிக் கொடுப்பது எப்படி உதவியாகும்?

"ராத்திரி முழுக்க டெஸ்ட் ஓட்ட யாருக்கு நேரம்" என்று ஒருவர். தூங்கும் நேரத்தில்தானே ஓடுகிறது. இதற்கு மேல் அவருக்குச் சொல்ல எதுவும் இல்லை.

"வோல்டேஜைக் குறைப்பதால் ப்ராசசர் கெடாது, ரீஸ்டார்ட்தானே" என்பது கொஞ்சம் நியாயமான கேள்வி. ப்ராசசர் கெடாது, உண்மை. ஆனால் கோர் தவறாகக் கணக்குப் போடும்போது ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் ஆகாது. சில நேரம் தவறான விடை சத்தமில்லாமல் கோப்புக்குள் போய்விடும். நண்பரின் வீடியோ ப்ராஜெக்ட் ஒன்று அந்த நாட்களில்தான் திறக்காமல் போனது. ஆஃப்செட்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அது இல்லை என்று நீங்களும் நிரூபிக்க முடியாது. அவர் அந்த வேலையை முதலிலிருந்து செய்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

உண்மையில் எனக்கு வலிப்பது அந்த எண் இல்லை. புதிதாக ஒரு கணினியைக் கட்டி, ஆசையோடு கேள்வி கேட்டு வருகிறவரிடம், ஒரு பார்ட்டை மாற்று என்று சொல்ல நமக்கு ஒரு விநாடி போதுமாக இருக்கிறது. மாற்றுவது அவர் கைக்காசு. ஸ்கிரீன்ஷாட் போட்டவர் அடுத்த நாள் வேறு ஸ்கிரீன்ஷாட்டுக்குப் போய்விடுகிறார். எண் கொடுக்கிறீர்களா, எந்த ப்ராசசர், கோர் வாரியாக எவ்வளவு, எந்த டெஸ்ட், ஓவர்ரைடு எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். ரீஸ்டார்ட் ஆகிறது என்று யாராவது வந்தால், முதலில் ஆஃப்செட்டைப் பூஜ்யமாக்கி இரண்டு நாள் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் ரீஸ்டார்ட் ஆனால் பவர் சப்ளையைப் பற்றிப் பேசலாம், நானும் வந்து பேசுகிறேன்.